விடுப்பு பற்றி: உங்கள் பார்வைக்கு மட்டும்

சென்னை
6 ஜூலை 2026

அன்புள்ள சார்,

வணக்கம். இதை நேரில் சொல்லத்தான் போன வாரம் இரண்டு முறை உங்கள் அறை வாசல்வரை வந்தேன். ஒரு தடவை அச்சகக்காரர் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை யாருமே இல்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. அட்டைப்படத்தைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். சரி, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட்டில் தொடங்கி மார்ச் முடிவதற்குள் மூன்று கட்டமாக எனக்கு விடுப்பு வேண்டியிருக்கும். கருத்தரிப்பு சிகிச்சை. காரணத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. இந்த அளவுகூட வேண்டாம், "மருத்துவக் காரணம்" என்று போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எட்டு மாதம் அடிக்கடி மருத்துவமனைக்குப் போகிறவளைப் பார்த்தால் நீங்கள் வேறு எதையோ நினைத்துப் பதறுவீர்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, வேலையை விடும் எண்ணமும் இல்லை. அதைத் தெரிவிக்கத்தான் அந்த ஒரு வரி.

இனி நாள் கணக்கு. ஒரு சுற்று என்றால் முதல் பத்துப் பன்னிரண்டு நாளில் நான்கைந்து காலைகள் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஏழரைக்கே போய் டோக்கன் வாங்கினாலும் அலுவலகம் வந்துசேர பதினொன்று ஆகிவிடும். அடுத்த பரிசோதனை நாளை மறுநாளா, மூன்று நாள் கழித்தா என்பதை அன்றன்றைக்குத்தான் சொல்வார்கள். அதன்பிறகு ஒரு நாள் முழுக்க அங்கே இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் மறுநாளும் வர முடியாது. அப்புறம் ஓர் இடைவெளி. அது சில நாளாகவும் இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம். அது கழிந்து இன்னொரு நாள், அதைத் தொடர்ந்து இரண்டு நாள் ஓய்வு. ஆக ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் விடுப்பு, அதிகம் போனால் ஐந்து காலை பெர்மிஷன். மூன்று சுற்றுக்கும் பதினைந்து நாள், பதினைந்து காலை. பின்னால் வரும் சுற்றுகளில் இது குறையத்தான் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று சுற்றும் தேவைப்படாமலே போகலாம். அப்படியானால் மிச்சத்தை நானே ரத்து செய்துவிடுவேன்.

உங்களுக்குச் சிரமம் எங்கே என்று எனக்குத் தெரியும். நாள் எண்ணிக்கை பிரச்சினை இல்லை, எந்தத் தேதி என்பதுதான். என்னால் மாதத்தைச் சொல்ல முடியும், தேதியைச் சொல்ல முடியாது. சுற்று எப்போது தொடங்கும் என்பது எனக்கே இரண்டு நாள் முன்னால்தான் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டு "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றும் சொல்வார்கள். அதனால் இப்படிச் செய்யலாமா? பதினைந்து நாளுக்கும் இப்போதே ஒட்டுமொத்தமாக ஒப்புதல் கொடுத்துவிடுங்கள். தேதி தெரிந்த அன்று மாலைக்குள் உங்களுக்கு மட்டும் "நாளை பதினொன்றுக்கு" அல்லது "நாளை இல்லை" என்று ஒரு வரி அனுப்புகிறேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நான் போடவில்லை. அங்கே "இன்று விடுப்பு" என்று ஒருவர் போட்டால் "என்னாச்சு?" என்று எட்டுப் பேர் கேட்பார்கள். அக்கறைதான், ஆனாலும் எட்டுப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு சுற்றின் முதல் பன்னிரண்டு நாளும் மாலை ஏழு மணிக்கு நான் வீட்டில் இருந்தாக வேண்டும். ஏன் என்று எழுதவில்லை. காலையில் விட்ட நேரத்தை அன்றைக்கே மாலையில் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதற்குப் பதிலாக இரவில் வீட்டிலிருந்து மெய்ப்பு பார்த்துத் தருகிறேன், அல்லது விடுமுறை சனிக்கிழமைகளில் வருகிறேன். எது உங்களுக்கு வசதியோ அது.

வேலை தடைபடாமல் இருக்க நான் யோசித்து வைத்திருப்பது இது. ஜனவரி புத்தகக் காட்சிக்கு என் பொறுப்பில் பதினான்கு தலைப்புகள். அவற்றில் ஆறு மறுபதிப்பு. அவற்றை இந்த மாதமே முடித்துக் கொடுத்துவிடுகிறேன். புதிய எட்டில் நாவல்கள் மூன்றுக்கும் முதல் மெய்ப்பை சுமதி பார்க்கட்டும், இரண்டாம் மெய்ப்பு எனக்கு வரட்டும். கட்டுரைத் தொகுப்புகளை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், அடிக்குறிப்பெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. (போன வருஷம் ஒரு தொகுப்பில் 43ஆம் அடிக்குறிப்பு 34ஆம் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.) எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை தினமும் கிளம்பும் முன் பச்சை நோட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் போவேன். திடீரென்று நான் வரவில்லை என்றாலும் சுமதி அந்த நோட்டைப் பிரித்தால் போதும், எனக்கு போன் செய்ய வேண்டியிருக்காது. மயக்க மருந்து கொடுக்கும் அந்த ஒரு நாளில் மட்டும் என் போன் அணைந்திருக்கும்.

முதல் சுற்று ஆகஸ்ட்டில். இரண்டாவது தீபாவளிக்கு முன்னால், அக்டோபரில். மழைக்காலம் என்பதால் அந்த மாதம் பதினொன்று பன்னிரண்டாகலாம், மன்னிக்க வேண்டும். டிசம்பர் 10க்குப் பிறகு புத்தகக் காட்சி முடியும்வரை எதுவும் வைக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது சுற்று பிப்ரவரியில் தொடங்கும். நந்தனத்தில் ஸ்டாலுக்கு எப்போதும்போல வருவேன்.

எந்த விடுப்பில் கழிப்பது என்பதையும் பார்த்துவைத்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வருஷத்துக்கு நோய் விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12, ஓராண்டு பணி முடித்தவர்களுக்கு ஈட்டிய விடுப்பு 12 என்று சொல்கிறது. நம் அலுவலகமும் அதையே ஜனவரி முதல் டிசம்பர்வரை கணக்கு வைக்கிறது. இந்த வருஷம் எனக்கு நோய் விடுப்பு 11 மிச்சம். முதல் இரண்டு சுற்றுக்கு 10. மூன்றாவதற்கு அடுத்த வருஷக் கணக்கில் 5. "இது நோயா?" என்று நிர்வாகத்தில் யாராவது கேட்டால் நான் வாதாடப் போவதில்லை, தற்செயல் விடுப்பிலும் ஈட்டிய விடுப்பிலும் கழித்துக்கொள்ளட்டும். தற்செயல் விடுப்புக்கு நியாயமான காரணம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். இது நியாயமான காரணம்தானே, சார்? மகப்பேறு விடுப்பை இதில் இழுக்க வேண்டாம், அதன் கட்டம் வேறு. அலுவலகக் குழு காப்பீட்டில் இந்தச் சிகிச்சைக்கு இடமில்லை. அதனால் கணக்குப் பிரிவுக்கு என்னிடமிருந்து பில் எதுவும் வராது.

சான்றிதழ் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அந்த மருத்துவமனையின் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. போதாததற்கு ரசீதின் மூலையில் ஒரு குழந்தைப் படம் வேறு. அதை விடுப்புக் கோப்பில் செருகினால் நான் மறைத்து என்ன பயன்? டாக்டரிடம் கேட்டேன். தன் சொந்த லெட்டர்பேடில், பதிவு எண்ணோடு, "என் சிகிச்சையில் உள்ளார், இந்தத் தேதிகளில் ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதித் தருவதாகச் சொன்னார். கோப்புக்கு அது போதும் என்று நினைக்கிறேன். நிர்வாகத்துக்கு ரசீதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நான் கொண்டுவந்து உங்களிடம் காட்டிவிட்டுக் கையோடு எடுத்துப்போகிறேன். நகல் வேண்டாம்.

அப்புறம் நம் விடுப்புப் பதிவேடு. அது வரவேற்பு மேசையில் திறந்தே கிடக்கிறது. கையெழுத்துப் போட வருகிறவர்கள் நான்கு பக்கம் புரட்டிவிட்டுத்தான் போகிறார்கள், நானும் புரட்டியிருக்கிறேன். "காரணம்" என்ற கட்டத்தில் என் பெயருக்கு நேராக "மருத்துவம்" என்று மட்டும் இருக்கட்டும். யாராவது உங்களிடம் கேட்டால் "ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள், கவலைப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இதே விஷயத்தை ஒருவரிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது எதிரே இருந்தவர் "என்ன, விசேஷம் உண்டா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த மாதமும் கேட்டார். மூன்றாவது மாதம் கேட்கவில்லை, என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் "இந்தச் சுற்று முடிந்தது" என்று உங்களுக்கு எழுதுவேன். என்ன ஆனது என்று கேட்காதீர்கள். சொல்ல வேண்டியது இருந்தால் நானே சொல்வேன், அதுவும் உடனே சொல்ல மாட்டேன். அந்த வாரத்தில் நான் கொஞ்சம் பேசாமல் இருந்தால் இரண்டு மெய்ப்பு கூடுதலாகக் கொடுங்கள், அது போதும்.

கோப்பில் வைக்க ஒரு விண்ணப்பம் தனியாக இணைத்திருக்கிறேன். நிர்வாகத்துக்கு அது மட்டும் போகட்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கி. வசந்தி

இணைப்பு: விண்ணப்பம்

அனுப்புநர்: கி. வசந்தி, மெய்ப்புப் பிரிவு

பெறுநர்: நிர்வாக மேலாளர் அவர்கள்

பொருள்: மருத்துவச் சிகிச்சைக்காகத் தவணை முறையில் விடுப்பு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

திட்டமிட்ட மருத்துவச் சிகிச்சை ஒன்றை ஆகஸ்ட் 2026 முதல் மார்ச் 2027 வரை மூன்று கட்டங்களாக மேற்கொள்ள இருக்கிறேன். இதற்காக மொத்தம் 15 நாள் விடுப்பும், 15 நாட்களில் காலை 11 மணிக்குப் பணிக்கு வர அனுமதியும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2026ஆம் ஆண்டுக்குரிய 10 நாளை இவ்வாண்டு நோய் விடுப்பிலும், மீதி 5 நாளை 2027ஆம் ஆண்டுக் கணக்கிலும் கழித்துக்கொள்ளலாம். சரியான தேதிகளை முந்தைய நாள் மாலைக்குள் என் பிரிவுத் தலைவருக்குத் தெரிவிப்பேன். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மருத்துவர் சான்றிதழைச் சமர்ப்பிப்பேன். காலையில் குறையும் பணி நேரத்தைப் பிரிவுத் தலைவர் சொல்லும் முறையில் ஈடுசெய்வேன். டிசம்பர் 10 முதல் புத்தகக் காட்சி முடியும்வரை இந்த விடுப்பு எதையும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கி. வசந்தி
6.7.2026