குறிப்பாணை: 2024-25 இறுதிக் கணக்கில் லாபம் குறைந்தது பற்றி

நாள்: 28.4.2025
பெறுநர்: உரிமையாளர், ஜவுளிக்கடை
அனுப்புநர்: கணக்குப் பிரிவு

ஐயா,

மார்ச் 31 அன்று கணினியில் நீங்கள் பார்த்த லாபம் ரூ.14,20,000. இறுதிக் கணக்கில் நிற்பது ரூ.7,96,000. கல்லாவிலிருந்தோ வங்கியிலிருந்தோ இந்த வித்தியாசத்துக்காக மார்ச் 31 வரை ஒரு ரூபாயும் வெளியே போகவில்லை. ஆண்டு முடிவுப் பதிவுகள் போடாததால்தான் முதல் தொகை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

பாதிக்கு மேல் சரக்கிருப்பில்தான் போயிருக்கிறது. கணினிப்படி இருப்பு ரூ.38,60,000, எண்ணிப் பார்த்து மதிப்பிட்டதில் ரூ.35,45,000. குறைந்த ரூ.3,15,000-இல் ரூ.2,05,000 மாடியில் கிடக்கும் குழந்தைகள் ஃபிராக். 2022 தீபாவளிக்கு ரூ.650 வீதம் வாங்கியதில் 410 உருப்படி மிச்சம். இன்று ரூ.150-க்கு மேல் யாரும் கேட்பதில்லை. அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் இருப்பை எழுத முடியும். விற்கும் வரை நஷ்டமில்லை என்று நீங்கள் சொல்வதுண்டு. கணக்கு அதை ஏற்காது.

மீதி ரூ.1,10,000-க்கான சரக்கு கடையிலேயே இல்லை. பெரும்பாலும் லெக்கின்ஸ், உள்ளாடை போன்ற சிறு உருப்படிகள். பில் போடாமல் போனதா, திருட்டா, கொள்முதலில் எண்ணிக்கை தவறா என்று இப்போது சொல்ல வழியில்லை. காணாமல் போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்ட வேண்டும். 5 சதவீதத்தில் அது ரூ.5,500. ஃபிராக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை, அது இன்னும் விற்பனைக்கு இருக்கிறது.

தேய்மானம் ரூ.1,05,000. அக்டோபர் 20-இல் போட்ட ஏசியும் அலமாரிகளும் 180 நாளுக்குக் குறைவாகவே பயன்பட்டதால் அவற்றுக்குப் பாதி விகிதம்தான். அடுத்த ஆண்டு முழுதாக வரும். மார்ச் சம்பளம் ரூ.1,24,000 ஏப்ரலில் கொடுத்திருந்தாலும் மார்ச் மாத வேலைக்கான செலவுதான். மின்கட்டணம் ரூ.20,500-உம் அப்படியே. சீருடை எடுத்த வாடிக்கையாளர் தர வேண்டிய ரூ.90,000 வராக்கடனாகத் தள்ளப்பட்டது. அவர் கடையை மூடி ஓராண்டுக்கு மேலாகிறது. பிற்பாடு வந்தால் அப்போது வருமானமாக எழுதிக்கொள்ளலாம்.

கூட்டிய பதிவும் ஒன்று உண்டு. ஜனவரி 1 முதல் ஓராண்டுக்குக் கட்டிய காப்பீடு ரூ.48,000-இல் ஒன்பது மாதப் பங்கு ரூ.36,000 அடுத்த ஆண்டுச் செலவு. ஆக, கழித்தது ரூ.6,60,000, கூட்டியது ரூ.36,000.

தேய்மானத்தையும் சம்பளத்தையும் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அவை ஒவ்வோர் ஆண்டும் வருபவை. காணாமல் போன ரூ.1,10,000 அப்படியல்ல. சிறு உருப்படிகளை மாதம் ஒரு முறை எண்ண அனுமதி வேண்டும். ஓவர் டிராஃப்ட் புதுப்பிக்க வங்கிக்குத் தரும் இருப்புப் பட்டியலிலும் இனி எண்ணிய தொகையையே காட்ட வேண்டும். கணினித் தொகையைக் கொடுத்துவிட்டு இறுதிக் கணக்கில் வேறொன்று இருந்தால் மேலாளர் கேள்வி கேட்பார். ஃபிராக்குகளைப் பள்ளி திறப்பதற்குள் தள்ளுபடியில் விற்றுவிட ஒப்புதல் தந்தால் விலைச்சீட்டு மாற்றும் வேலையை அடுத்த திங்களன்றே தொடங்கலாம்.