தமிழில் படித்த கணக்கை ஆங்கிலத்தில் வாசிப்பது: தம்பிக்கு ஒரு குறிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

கவுன்சிலிங்கில் உனக்கு மெக்கானிக்கல் கிடைத்துவிட்டது என்று சித்தி சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் இங்கிலீஷில் நடத்துவார்களாமே, பிள்ளைக்கு ராத்திரி தூக்கமே இல்லை" என்றும் சொன்னார். அந்தத் தூக்கம் வராத ராத்திரி எனக்கும் தெரியும். நானும் பன்னிரண்டாவது வரை தமிழ் வழிதான். இப்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். உனக்கு வகுப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் செய்யக்கூடியதை எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் வரும் கணக்கில் பாதிக்கு மேல் உனக்கு ஏற்கெனவே அறிமுகமானதுதான். அணிகள், வகைக்கெழு, பகுதி வகைக்கெழு, தொகையிடல் எல்லாம் பன்னிரண்டாவது புத்தகத்தில் பார்த்தவை. அங்கே மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ், பார்ஷியல் டெரிவேட்டிவ், இன்டகிரேஷன் என்று வேறு பெயரில் வந்து நிற்கும். ஆளைத் தெரியும், பெயர்தான் புதிது.

இதற்காக ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்யாதே. நான் அப்படித்தான் செய்தேன், தேர்வில் கைகொடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்னக் கணக்கை எழுதி வை. 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்றால் பக்கத்தில் |A| = 0 என்று எழுது; நாம் படித்த பூச்சியக்கோவை அணி அதுதான். 'டிரான்ஸ்போஸ்' என்றால் ஒரு 2 × 3 அணியை எழுதி, நிரையை நிரலாக மாற்றிக் காட்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ்ப் பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் படம் வரவேண்டும்.

பெரிய சொற்கள் அவ்வளவு ஆபத்தில்லை. ஐகன் வேல்யூ என்றால் யாருக்குமே முதலில் தெரியாது, ஆசிரியர் நின்று விளக்குவார். தெரிந்த மாதிரி இருக்கும் சொற்களில்தான் விழுவோம். என் முதல் உள்தேர்வில் ஒரு வளைவரைக்கு 'நார்மல்' சமன்பாடு கேட்டார்கள். சாதாரணச் சமன்பாடு என்று நினைத்துக்கொண்டு, கொடுத்த வளைவரையையே சுருக்கி எழுதிவைத்தேன். கேட்டது செங்கோடு. தொடுகோட்டின் சாய்வு m என்றால் செங்கோட்டின் சாய்வு −1/m; அது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அன்று போன எட்டு மதிப்பெண் இன்னும் உறுத்துகிறது. ரேங்க், ஆர்டர், டிகிரி, ரூட், ரியல் இவற்றிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். ரேங்க் என்பது அணித்தரம். டிகிரி ஓரிடத்தில் கோணத்தின் பாகை, இன்னோரிடத்தில் பல்லுறுப்புக்கோவையின் படி. அதேபோல இன்வர்ஸ் வேறு, ரெசிப்ரோக்கல் வேறு: நேர்மாறும் தலைகீழியும். sin⁻¹x என்பது 1/sin x ஆகாது.

அப்புறம் சின்னச் சொற்கள். 'லெட்' வந்தால் நம் 'என்க'. 'வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்' வந்தால் 'x-ஐப் பொறுத்து'. 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் 'முறையே'. 'அட் மோஸ்ட் 2' என்றால் 0, 1, 2. 'அட் லீஸ்ட் 2' என்றால் 2-உம் அதற்கு மேலும். 'ஹென்ஸ்' என்று தொடங்கும் இரண்டாம் பகுதியைப் பார்த்தால், மேலே கண்டுபிடித்ததைப் பயன்படுத்தித்தான் செய்யவேண்டும். புதிதாக ஆரம்பித்துச் செய்தால் விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் போகலாம்.

ஒரே ஒரு 'இஸ்' எவ்வளவு மாற்றும் என்று பார். 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்றால் x − 5. 'ஃபைவ் இஸ் லெஸ் தேன் எக்ஸ்' என்றால் 5 < x. முன்னது ஒரு கோவை, பின்னது ஓர் அசமன்பாடு. முதலாவதில் 5 முன்னால் வருகிறதே என்று 5 − x எழுதிவிடுகிறார்கள், ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளும்தான்.

இனி வாசகக் கணக்கு. இதில் உனக்குச் சிக்கல் சொல்லில் இல்லை, வரிசையில். தமிழில் தரவெல்லாம் சொல்லி, 'எனில்' என்று நிறுத்தி, கடைசியில் 'காண்க' என்போம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஃபைண்ட்' முதலில் வந்துவிடும், நிபந்தனை 'வென்', 'இஃப்', 'கிவன் தட்' என்று வால் மாதிரி பின்னால் தொங்கும். முதல் வரியிலிருந்தே மொழிபெயர்த்துக்கொண்டு போனால் பாதியில் மூச்சு முட்டும்.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். தலைகீழாக நிற்கும் கூம்பு வடிவத் தொட்டி, உயரம் 12 மீ, மேல்வாயின் ஆரம் 6 மீ. நிமிடத்துக்கு 3 கன மீட்டர் வீதம் தண்ணீர் விழுகிறது. ஆங்கிலத்தில் கேள்வி இப்படி முடியும்: 'ஹவ் ஃபாஸ்ட் இஸ் த வாட்டர் லெவல் ரைசிங் வென் த வாட்டர் இஸ் ஃபோர் மீட்டர்ஸ் டீப்?'

பேனாவை எடுத்து மூன்று வேலை செய். 'ஹவ் ஃபாஸ்ட்' என்பதை வட்டமிடு. எது எவ்வளவு வேகமாக என்று கேள். நீர்மட்டம் உயர்வது, அதாவது dh/dt. 'பெர் மினிட்' வருகிற எண்ணைக் கோடிடு, அது ஒரு வீதம்: dV/dt = 3. கடைசியாக 'வென்' வரும் துண்டைப் பெட்டி போட்டு மூடிவை. h = 4 என்பது ஒரு கணத்தில் மட்டும் உண்மை. முதலிலேயே அதைப் போட்டுவிட்டால் h மாறிலி ஆகிவிடும், வகையிட ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றும் கவனி. 6 மீ தொட்டியின் ஆரம், தண்ணீர்ப் பரப்பின் ஆரம் இல்லை. வடிவொத்த முக்கோணங்களால் r = h/2. ஆகவே V = πh³/12. வகையிட்டால் dV/dt = (πh²/4)(dh/dt). இப்போது பெட்டியைத் திற: 3 = 4π (dh/dt). விடை 3/(4π) மீட்டர்/நிமிடம். இவ்வளவுக்கும் தேவைப்பட்ட ஆங்கிலம் ஏழெட்டுச் சொற்கள். மீதி உன்னிடம் இருக்கும் கணக்கு.

இதைப் பழக ஒரு நல்ல வழி இருக்கிறது. நம் பன்னிரண்டாவது கணிதப் புத்தகம் ஆங்கில வழியிலும் உண்டு, இலவசமாகப் பதிவிறக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. 'வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்' பாடத்தில் தினம் மூன்று எடுத்துக்காட்டு. முதலில் ஆங்கிலத்தில் படித்து, கேட்பது என்ன என்று தமிழில் ஒரு வரி எழுது. அப்புறம் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து சரிபார். முதலிலேயே தமிழைப் பார்த்துவிடாதே.

வாய்விட்டும் படி. வகுப்பில் கரும்பலகையைவிடக் காதுதான் முதலில் திணறும். dy/dx 'டி ஒய் பை டி எக்ஸ்', ∂u/∂x 'டோ யூ பை டோ எக்ஸ்', y′ 'ஒய் டேஷ்', (x + 1)² 'எக்ஸ் பிளஸ் ஒன் த ஹோல் ஸ்கொயர்'. அந்த 'த ஹோல்' காதில் விழவில்லையென்றால் x + 1² என்று எழுதிவிடுவாய்.

குறிப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கு வெட்கப்படாதே. விடைத்தாளில் மட்டும் 'லெட்', 'கிவன்', 'தேர்ஃபோர்' போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்கள் கையில் ஓடினால் போதும். வகுப்பில் ஒரு சொல் புரியாவிட்டால் விளிம்பில் அதை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதிவிட்டு மேலே போ. அங்கேயே நின்றால் அடுத்த இரண்டு வரி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். மூன்று கணக்குக்கு நீ எழுதிய தமிழ் வரிகளை எடுத்து வை.

அன்புடன்,
அக்கா