முன்பு படித்திராத கவிதை: நயம் பாராட்டல்

பிரிவு இ. பின்வரும் கவிதையைப் படித்து நயம் பாராட்டி எழுதுக. (40 நிமிடம்)

நிறுவை

விளக்கு வைக்கும் வேளை.
கூடை ஒன்று மேலேறி வருகிறது;
அடியில் அம்மா.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ
எடையில் கழித்தாயிற்று.
இடுப்புச் சாக்கில் ஊறிய மழையை
இன்னும் யாரும் நிறுக்கவில்லை.
வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துக்
"கொடித்துணி எடுத்தாயா?" என்கிறாள்.

விடை

தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்து வீடு திரும்பும் தாயைப் பிள்ளை வாசலில் நின்று பார்க்கும் சில நொடிகளே இக்கவிதை. கோபப்பட வேண்டிய இடத்தில் பிள்ளை கோபப்படவில்லை, கணக்குப் பார்க்கிறது.

கொழுந்தை நிறுத்துப் போட்டாயிற்று என்றால் கூடை காலியாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் கூடைதான் முதலில் வருகிறது; அம்மா அதற்கு 'அடியில்' வருகிறாள். இது வெறும் கற்பனையன்று. கோத்தகிரிச் சரிவுகளில் குனிந்து ஏறுபவரின் முதுகுக் கூடையே மேலே நிற்பவர் கண்ணில் முதலில் படும். (இப்போது எங்கள் பக்கம் பலர் கத்தரியும் பையுமாகப் போகிறார்கள், காட்சி சற்றுப் பழையதாக இருக்கலாம்.) கண்ணில் பட்ட வரிசையை மாற்றாமல் எழுதியதாலேயே, சுமை ஆளைவிடப் பெரிதாகிவிட்டது என்பது சொல்லாமல் விளங்குகிறது.

'கழித்தாயிற்று' என்ற வினைக்கு எழுவாய் இல்லை. கணக்கரா, தோட்டமா, வழக்கமா? யார்மீதும் பழி விழாதபடி எடை குறைந்துவிடுகிறது. ஒரே மழை இலையில் இருந்தால் கூலியைக் குறைக்கிறது. சாக்கில் இருந்தால் எவர் கணக்கிலும் வருவதில்லை. இந்த முரணே கவிதையின் உயிர். ஈரத்துக்கென்று, எடையில், இடுப்பு, இன்னும் என நிறுவை பற்றிய நான்கு அடிகளை மட்டும் அடிமோனை இறுக்கிக் கட்டுகிறது. மற்ற அடிகள் தளர்ந்து நடக்கின்றன. எதுகையைக் கவிஞர் பெரிதாக நாடவில்லை; எடையில், இடுப்பு என்பதில் மட்டும் அது தானாக அமைகிறது.

நிலம் மலை; ஆகவே குறிஞ்சி. ஆனால் தினைப்புனம் காத்தலும் இல்லை, புணர்தலும் இல்லை. மழையும் மாலைப்பொழுதும் வாசலில் காத்திருத்தலும் முல்லைக்கு உரியவை. தலைவனுக்காகத் தலைவி இருந்த இடத்தில் இங்கே தாய்க்காகப் பிள்ளை இருக்கிறது. கவிஞர் இதைத் திட்டமிட்டாரா என்பதை நான் அறியேன். திணைமயக்கமாகப் படித்தால் கவிதை விரிகிறது.

இறுதி அடி வியக்க வைக்கிறது. முழுதும் நனைந்தவள் கேட்பது கொடியில் கிடந்த துணியைப் பற்றி. அதைப் பாசம் என்று மட்டும் சொன்னால் போதாது. நாளைக்கு உடுத்த வேறு உலர்ந்த துணி இல்லை என்ற கவலையும் அதில் உண்டு.

தலைப்பு மட்டும் குறையாகப் படுகிறது. ஏழாம் அடி மெல்லச் சொல்வதை அது முன்னரே உரக்கச் சொல்லிவிடுகிறது. 'கொடித்துணி' என்று வைத்திருக்கலாம்.