சுயவிவரச் சுருக்கம்: முதுநிலைக் கணக்காளர்

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் 9 ஆண்டுகள் கணக்காளராகப் பணியாற்றினேன். நூல் கொள்முதல், ஜாப் ஒர்க் பில், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஆடிட் ஆவணங்கள் எல்லாம் என் பொறுப்பு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, வாட் முறையிலிருந்து நிறுவனக் கணக்கை மாற்றியதும் நானே.

2019 முதல் 2024 வரை வேலைக்குச் செல்லவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை உடனிருந்து கவனித்தேன். அது நானாக எடுத்த முடிவு. இப்போது அந்தப் பொறுப்பு இல்லை. முழுநேரமாக வர முடியும்.

இடைவெளியில் அறிமுகமான இ-இன்வாய்ஸ், GSTR-2B, டேலி பிரைம் ஆகியவற்றை 8 மாதங்களாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பகுதிநேரமாகக் கையாள்கிறேன். மாதம் 12 நிறுவனங்களுக்கு ரிட்டர்ன் தயாரிக்கிறேன். ஏற்றுமதி ரீஃபண்ட் விண்ணப்பம் மட்டும் 2019-க்குப் பிறகு செய்யவில்லை.