கிளைம் மறுப்பை எதிர்த்து குறைதீர்ப்பு அலுவலருக்குக் கடிதம்

விரைவுத் தபால் மற்றும் மின்னஞ்சல் வழியாக

ராசிபுரம்
24.11.2025

அனுப்புநர்
கு. மலர்விழி,
ராசிபுரம், நாமக்கல் மாவட்டம் 637408.
(முழு முகவரியும் கைபேசி எண்ணும் தங்கள் பாலிசிப் பதிவில் உள்ளபடி)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
உடல்நலக் காப்பீட்டுப் பிரிவு,
மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: என் கணவர் திரு. செ. குமரவேலின் இதய சிகிச்சைக்கான ரூ.3,18,640 கிளைமை மறுத்த தங்கள் 07.11.2025 தேதியிட்ட கடிதத்தை எதிர்த்தும், தொகையை வட்டியுடன் வழங்கக் கோரியும்.

பார்வை: குடும்ப மிதவை பாலிசி எண் 5507/19/0041826; கிளைம் எண் 25/S/118043.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேற்படி பாலிசியை 2019 ஆகஸ்ட் முதல் ஒரு நாள் கூட இடைவெளி விடாமல் புதுப்பித்து வருகிறேன். பாலிசிதாரர் நான், என் கணவரும் மகளும் அதில் அடக்கம். கடந்த செப்டம்பரில் என் கணவருக்கு மாரடைப்பு வந்து, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருந்ததாகவும், பாலிசி எடுக்கும்போது அதை நாங்கள் மறைத்துவிட்டதாகவும் சொல்லி கிளைமை மறுத்திருக்கிறீர்கள். இது உண்மை அல்ல. உண்மை அல்ல என்பதற்கான முதல் சான்று தங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

நடந்தவை, தேதி வாரியாக:

06.08.2019: பாலிசி தருவதற்கு முன், தாங்கள் அனுப்பிய சேலம் பரிசோதனைக் கூடத்தில், தங்கள் செலவில், என் கணவருக்கு மருத்துவப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94, எச்பிஏ1சி 5.4. இசிஜி இயல்பு. (இணைப்பு 3)

14.08.2019: ரூ.5 லட்சத்துக்கு பாலிசி தொடக்கம். (இணைப்பு 1)

14.08.2022: காப்பீட்டுத் தொகை ரூ.7.5 லட்சமாக உயர்வு. (இணைப்பு 2)

20.11.2023: காலில் எரிச்சல் என்று ராசிபுரத்தில் மருத்துவரைப் பார்த்தபோது முதல்முறையாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. எச்பிஏ1சி 7.6. மெட்ஃபார்மின் 500 தொடங்கப்பட்டது. சீட்டில் "புதிதாகக் கண்டறியப்பட்டது" என்றே மருத்துவர் எழுதியிருக்கிறார். (இணைப்பு 4)

13.08.2024: பாலிசி தொடங்கி 60 மாதங்கள் நிறைவு.

17.09.2025, இரவு 11.40: நெஞ்சு வலியுடன் அவசரப் பிரிவில் அனுமதி. அதிகாலையில் ஆஞ்சியோபிளாஸ்டி.

18.09.2025, காலை 9.50: மருத்துவமனை கேஷ்லெஸ் விண்ணப்பம் அனுப்பியது. தங்கள் தரப்பின் முதல் பதில் மாலை 4.20-க்கு வந்தது, அதுவும் ஒப்புதல் அல்ல, சர்க்கரை நோய் எத்தனை வருடமாக என்ற கேள்வி. (இணைப்பு 7)

20.09.2025: கேஷ்லெஸ் மறுப்பு. (இணைப்பு 7)

21.09.2025: மொத்த பில் ரூ.3,24,780-ஐ நாங்களே கட்டி வீடு திரும்பினோம். (இணைப்பு 8, 9)

29.09.2025: கிளைம் படிவமும் அசல் பில்களும் தங்கள் சேலம் கிளையில் ஒப்படைப்பு. (இணைப்பு 10)

10.10.2025: தங்கள் விசாரணை அலுவலர் வீட்டுக்கு வந்து எங்கள் இருவரிடமும் எழுத்தில் வாக்குமூலம் பெற்றார்.

16.10.2025: சிகிச்சை அளித்த இதய மருத்துவர் திருத்தச் சான்று வழங்கினார். 18.10.2025 அன்று தங்களுக்கு மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பினேன். (இணைப்பு 11, 12)

07.11.2025: தங்கள் மறுப்புக் கடிதம். என் கைக்குக் கிடைத்தது 12.11.2025. (இணைப்பு 13)

இனி, தாங்கள் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன்.

தங்கள் கடிதம் முழுவதும் ஒரே ஒரு வரியை நம்பி நிற்கிறது: அவசரப் பிரிவில் பணி மருத்துவர் எழுதிய "சர்க்கரை நோய், 10 ஆண்டு" என்ற வரி. அந்த நேரத்தில் என் கணவர் ஆக்சிஜனில் இருந்தார், பேசும் நிலையில் இல்லை. நான் மகளை அழைத்துக்கொண்டு பின்னால் இன்னொரு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். விவரம் சொன்னது உடன் போன என் கொழுந்தனார். "ஒரு வருஷம் பத்து மாசம்" என்று அவர் சொன்னது "10 வருஷம்" என்று ஏடேறிவிட்டது. 20.11.2023 முதல் 17.09.2025 வரை கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்று நாள் குறைய ஒரு வருடம் பத்து மாதம். அதே இரவில் செவிலியர் நிரப்பிய மதிப்பீட்டுத் தாளில் "2 ஆண்டு" என்று இருக்கிறது. டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் "சுமார் 2 ஆண்டு" என்றே உள்ளது. ஒரே கேஸ் ஷீட்டின் மூன்று இடங்களில் எங்களுக்குப் பாதகமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தங்கள் கடிதம் குறிப்பிடவே இல்லை. பணி மருத்துவரின் பதிவு தவறு என்று சிகிச்சை அளித்த மருத்துவரே கையெழுத்திட்டுத் தந்த சான்று தங்களுக்கு வந்து சேர்ந்ததற்கு என்னிடம் தபால் ஒப்புகை உள்ளது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

இதற்கெல்லாம் மேலே, 06.08.2019 பரிசோதனை இருக்கிறது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய் என்றால் 2015 முதல் இருந்திருக்க வேண்டும். அப்படியானால், எந்த மருந்தும் எடுக்காத ஒருவருக்கு நான்கு ஆண்டு கழித்து தாங்களே தேர்ந்தெடுத்த கூடத்தில் எச்பிஏ1சி 5.4 எப்படி வந்தது? அந்த அளவு முந்தைய இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது. ஒரு நாள் பட்டினி கிடந்து மாற்றக்கூடியது அல்ல. அந்த அறிக்கையைப் பார்த்து, ஏற்று, பிரீமியம் வாங்கிக்கொண்டுதான் பாலிசி தந்தீர்கள். ஆறு வருடம் கழித்து நாங்கள் மறைத்தோம் என்று சொல்வது மிகுந்த மனவேதனை தருகிறது. என் கணவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவரை உண்மையை மறைத்தவர் என்று ஒரு நிறுவனம் எழுத்தில் சொல்லியிருப்பது பணத்தைவிட எங்களைப் பாதித்திருக்கிறது.

சரி, வாதத்துக்காக அந்தப் பத்து வருடத்தையே ஏற்றுக்கொண்டாலும் இந்த மறுப்பு நிற்காது. பாலிசிப் புத்தகத்தின் பொது நிபந்தனைகளில் மாரடோரியம் காலம் பற்றிய பகுதியும், ஐஆர்டிஏஐ 29.05.2024 அன்று வெளியிட்ட உடல்நலக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையும் சொல்வது ஒன்றே: தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடப்பில் இருந்த பிறகு, தகவல் சொல்லவில்லை அல்லது தவறாகச் சொன்னார் என்ற காரணத்தால் கிளைமை எதிர்க்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டுமே விதிவிலக்கு. எங்களுக்கு 60 மாதம் 13.08.2024-இல் முடிந்தது, மாரடைப்பு வந்தது அதற்கு 13 மாதம் பிறகு. தங்கள் கடிதத்தில் மோசடி என்ற குற்றச்சாட்டே இல்லை, நிரூபணம் பிறகல்லவா. 2022-இல் உயர்த்திய தொகைக்கு மாரடோரியம் தனியாகக் கணக்கிடப்படும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்கும் தொகை முதல் ரூ.5 லட்சத்துக்குள்ளேயே அடங்குகிறது, ஆகவே அந்தக் கேள்வி எழவில்லை. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலமும், 36 மாதம் என்று கொண்டாலும் பழைய 48 மாதம் என்று கொண்டாலும், எப்போதோ முடிந்துவிட்டது.

உண்மை மறைக்கப்பட்டது என்று சொல்லும் நிறுவனமே அதை நிரூபிக்க வேண்டும் என்று மஹாகாளி சுஜாதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.04.2024 அன்று தீர்ப்பளித்துள்ளது. அது ஆயுள் காப்பீட்டு வழக்கு என்றாலும், நிரூபிக்கும் பொறுப்பு பற்றி அதில் கூறப்பட்டது இங்கும் பொருந்தும் என்பது என் பணிவான வாதம்.

நடைமுறையிலும் குறைகள் உள்ளன. அதே சுற்றறிக்கையின்படி கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த கிளைமையும் மறுக்கக் கூடாது. மறுத்தால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். தங்கள் கடிதத்தில் நிபந்தனை எண்ணும் இல்லை, குழுவின் ஒப்புதல் பற்றிய குறிப்பும் இல்லை.

ஆகவே நான் கேட்பவை:

1. 07.11.2025 தேதியிட்ட மறுப்பைத் திரும்பப் பெற்று ரூ.3,18,640 வழங்க வேண்டும். கையுறை போன்ற, பாலிசியில் அடங்காத பொருட்களுக்கான ரூ.6,140-ஐ நானே கழித்துவிட்டேன்.
2. தாமதத்துக்கு, ஒழுங்குமுறை விதிகளின்படி வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று கட்டிய பணத்தில் ரூ.2 லட்சம், கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்து எடுத்தது. அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.
3. என் கணவர் பெயரைப் பாலிசியிலிருந்து நீக்கப்போவதாக அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில் தந்த அறிவிப்பை ரத்து செய்து, எழுத்தில் உறுதி தர வேண்டும். மாரடைப்பு வந்த 52 வயதுக்காரருக்கு வெளியில் வேறு பாலிசி கிடைப்பது மிகக் கடினம். என்னைப் பொறுத்தவரை பணத்துக்கு இணையாக முக்கியமானது இந்தக் கோரிக்கை.
4. மறுப்பில் உறுதியாக இருப்பதானால், மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் பதிவு, விசாரணை அலுவலரின் அறிக்கை, எங்கள் வாக்குமூலம் ஆகியவற்றின் நகல்களைத் தர வேண்டும்.

இந்தப் புகாரைப் பதிவு செய்து அதன் எண்ணைத் தெரிவிக்கவும், 14 நாட்களுக்குள் எழுத்தில் முடிவு தரவும் வேண்டுகிறேன். தீர்வு கிடைக்காவிட்டால் பீமா பரோசா தளத்தில் பதிவு செய்வேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வரும் பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அவர்களிடம் முறையிடுவேன். நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கெல்லாம் தேவை இல்லாமல் தங்கள் அளவிலேயே இது சரியாக வேண்டும் என்பதே என் விருப்பம். மேலும் ஏதாவது ஆவணம் வேண்டுமானால் என்னவென்று ஒரே தடவையில் கேளுங்கள், உடனே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கு. மலர்விழி
பாலிசிதாரர்

இணைப்புகள் (அனைத்தும் நான் கையொப்பமிட்ட நகல்கள். பில்களின் அசல் தங்களிடம் உள்ளது, மற்றவற்றின் அசல் என்னிடம் உள்ளது, கேட்டால் காட்டத் தயார்):

1. முதல் பாலிசிப் பத்திரம், முன்மொழிவுப் படிவத்துடன், 14.08.2019
2. 2020 முதல் 2025 வரையிலான புதுப்பிப்புப் பத்திரங்கள், பிரீமியம் ரசீதுகள் (6)
3. பாலிசிக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை அறிக்கை, 06.08.2019
4. ராசிபுரம் மருத்துவரின் சீட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும், 20.11.2023
5. மருத்துவமனை கேஸ் ஷீட்: அவசரப் பிரிவுப் பதிவு, செவிலியர் மதிப்பீட்டுத் தாள்
6. டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆஞ்சியோகிராம் அறிக்கை, ஸ்டென்ட் ஸ்டிக்கர்கள்
7. கேஷ்லெஸ் விண்ணப்பம், 18.09.2025 கேள்வி, 20.09.2025 மறுப்பு
8. மருத்துவமனையின் விரிவான பில், ரூ.3,24,780
9. பணம் கட்டிய ரசீதுகள், 21.09.2025
10. கிளைம் படிவ நகல், சேலம் கிளையின் ஒப்புகைச் சீட்டு, 29.09.2025
11. இதய மருத்துவரின் திருத்தச் சான்று, 16.10.2025
12. அச்சான்றை அனுப்பிய மின்னஞ்சல், விரைவுத் தபால் ரசீது, ஒப்புகை
13. தங்கள் மறுப்புக் கடிதம், 07.11.2025, உறையுடன்
14. நகைக் கடன் ரசீது, 20.09.2025
15. என் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம்

நகல்: தங்கள் நிறுவனத்தின் சேலம் கிளை மேலாளர் அவர்களுக்கு, தகவலுக்காக.