25-ஆம் தேதி ஞாயிறு, கோவளம்: இரண்டு வீட்டாருக்கும் (நிவேதாவுக்குத் தெரியக் கூடாது)

எல்லோருக்கும் வணக்கம். கவிதா எழுதுகிறேன். முதலில் இந்தக் குழுவின் பெயரைப் பாருங்கள்: 'மோட்டார் ரிப்பேர்'. காரணத்தோடுதான் வைத்திருக்கிறேன். அத்தையின் போன் நிவேதாவின் கையில் அடிக்கடி இருக்கும். படித்ததும் குழுவை மியூட் செய்துவிடுங்கள்.

ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 மணி வரை. சூரியன் மறைவது ஏறக்குறைய 6.05. நம் கடல் கிழக்கே இருப்பதால் வெயில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் முன்பே இறங்கிவிடும். 6.20-க்கு மேல் முகம் தெளிவாகத் தெரியாது. கார்த்திக் நிவேதாவிடம் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா' என்று கேட்க நமக்கு இருப்பது அந்தக் கால் மணி நேரம்தான்.

நிவேதாவிடம் சொல்லியிருப்பது இது: திவ்யாவின் பிளவுஸ் கடைக்குப் புடவை போட்டோ ஷூட், மாடல் அவள். பட்டுப்புடவை, பூ, மருதாணி, கேமரா, கடற்கரை எல்லாவற்றுக்கும் இதுவே பதிலாகிவிடுகிறது. படங்கள் நிஜமாகவே எடுக்கப்படும். கார்த்திக் பெங்களூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் 4 மணிக்கு வழக்கம்போல அவளிடம் பேச வேண்டும், ஜன்னலைச் சாத்திய அறையிலிருந்து. அலைச் சத்தம் கேட்டால் கதை கந்தல்.

அவள் 2 மணிக்குத் திவ்யா வீட்டுக்குக் கிளம்புவாள். மயிலாப்பூர் வேன் 2.45-க்கு, வேளச்சேரி வேன் 3 மணிக்கு. மறுநாள் குடியரசு தினம், தொடர் விடுமுறை, ஈ.சி.ஆர். நெரியும். அதனால் 4.15-க்குள் எல்லோரும் கோவளம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மாமா, உங்கள் காரை எடுக்காதீர்கள். அவள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள் என்பது ஒரு பக்கம். அந்த காரின் ஃபாஸ்டேக் அவளுடைய எண்ணில்தான் பதிவாகியிருக்கிறது. டோல்கேட்டைத் தாண்டிய நிமிடமே அவளுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். லொகேஷன் ஷேரிங்கையும் அணைத்துவிடுங்கள். இரவு 8 வரை யாரும் ஸ்டேட்டஸ் போட வேண்டாம்.

செருப்புகள்! பதினேழு பேரின் செருப்பு வாசலில் கிடந்தால் வேறு எதுவும் வேண்டாம். பாட்டியின் பச்சை வார் செருப்பு ஒன்றே போதும். வாசலில் ஒரு சாக்குப்பை வைத்திருப்போம். கழற்றியதும் அதில் போட்டுவிடுங்கள், பை மாடிக்குப் போய்விடும்.

எல்லோரும் மாடி ஹாலில் இருக்க வேண்டும். திரைச்சீலை மூடியிருக்கும். 5.15-க்குமேல் விளக்கு வேண்டாம். வெளியே இருட்டும்போது உள்ளே விளக்கெரிந்தால் நிழல் அப்படியே தெரியும். பாட்டிக்கு மட்டும் கீழே, கழிப்பறையை ஒட்டிய அறை. அத்தை கூட இருங்கள். குழந்தைகளுக்கு 5 மணிக்கே சாப்பிடக் கொடுத்துவிடுவோம்.

திவ்யாவும் அவளும் 4.20-க்கு, ராகு காலத்துக்கு முன்பே கிளம்பி, 5.20 வாக்கில் வருவார்கள். 5.55 வரை முன் தோட்டத்தில் படமெடுப்பார்கள். பிறகு பக்கவாட்டு வழியாக மணலுக்கு. 6.03-க்குக் கார்த்திக். மணலில் ஜமுக்காளம் விரித்திருக்கும். அது மண்டியிட மட்டுமல்ல, மோதிரம் நழுவினால் மணலில் தேடாமல் இருக்கவும்தான். அளவு 12, அவள் வலது கை மோதிர விரலில் போடும் பழைய மோதிரத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தது. மெழுகுவர்த்தியும் ரோஜா இதழும் வேண்டாம் என்று விட்டோம். கடற்காற்றில் ஒன்று அணையும், மற்றது பறக்கும். கண்ணாடிக் கூண்டு விளக்கு ஆறு போதும்.

இனிமேல் சொல்வதைக் கட்டாயம் பின்பற்றுங்கள். அவள் சம்மதம் சொன்னபின் போட்டோகிராபரின் உதவியாளர் வெள்ளைத் துண்டை அசைப்பார். துண்டு அசையாமல் ஒருவரும் இறங்கக் கூடாது, கைதட்டக் கூடாது. கல்யாணத்தைப் பற்றி இருவரும் பேசி முடிவெடுத்ததுதான், நாளும் இடமும் மட்டுமே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நொடியில் அவள் கொஞ்சம் நேரம் கேட்டால், பதினேழு பேரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லும் நிலை வரக் கூடாது. அப்படியானால் திவ்யா அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். நாம் இருந்ததே அவளுக்குத் தெரிய வேண்டாம்.

5.50 ஆகியும் அவர்கள் வராவிட்டால் கடற்கரையை மறந்துவிடலாம். கீழ்க் கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றி, 6.30-க்கு அங்கேயே கேட்கட்டும்.

துண்டு அசைந்ததும் முதலில் இரண்டு அம்மாக்களும் இறங்குங்கள், ஐந்து நிமிடம் கழித்து மற்றவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினால் படத்தில் முதுகுதான் விழும். தையில் மல்லி விலை ஏறிக் கிடக்கிறது. பத்து முழம் சொல்லியிருக்கிறேன், ஈரத்துணியில் சுற்றி வைக்கிறோம். குங்குமம், வெற்றிலை பாக்கு அம்மா கொண்டுவருவார். தட்டு மாற்ற வேண்டாம், அது நிச்சயதார்த்தத்தன்று. மண்டபப் பேச்சும் இந்த ஞாயிறு வேண்டாம், சித்தப்பா!

6.45-க்கு கேசரி, போண்டா, காபி. 8 மணிக்கு வேன்.

படித்தவர்கள் 'மோட்டார் சரி' என்று மட்டும் போடுங்கள்.