காயங்கள்: பதினேழு பக்க ஃபாரன்சிக் நோட்ஸ் ஒரு டேபிளில்

மக்களே, வெள்ளிக்கிழமை தியரி. என் நோட்டில் காயம் என்ற ஒரு தலைப்பே பதினேழு பக்கத்துக்கு ஓடுகிறது, அதில் பாதி எழுத்து எனக்கே புரியவில்லை, அதனால் நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு டேபிளுக்குள் அடக்கிவிட்டேன். துப்பாக்கிக் காயமும் தீக்காயமும் இதில் கிடையாது, அவை தனித் தாள். இது மழுங்கிய ஆயுதம் ஏற்படுத்தும் மூன்று, கூர்மையான ஆயுதம் ஏற்படுத்தும் மூன்று, அவ்வளவுதான்.

முதலில் ஒன்பது பத்தி போட்டேன், படிக்கவே முடியவில்லை. அப்புறம் யோசித்தால் வைவாவில் கேட்கும் கேள்வியில் முக்கால்வாசி விளிம்பைப் பற்றித்தான் வருகிறது. அதனால் விளிம்பை முன்னால் வைத்து மீதியைக் குறைத்துவிட்டேன்.

| காயம் | எதனால் | விளிம்பு | உள்ளே / ரத்தம் | எதைச் சொல்லும் |
|---|---|---|---|---|
| அப்ரேஷன் (சிராய்ப்பு) | உராய்வு, அழுத்தம். நகம், சாலை, கயிறு | தனி விளிம்பு இல்லை, மேல்தோல் மட்டும் போயிருக்கும் | கசிவு மட்டும். தழும்பில்லாமல் ஆறும் | எந்தத் திசையில் உராய்ந்தது, எதில் பட்டது |
| கன்ட்யூஷன் (ஊமைக்காயம்) | கம்பு, லத்தி, கை, கல் | மங்கலான விளிம்பு. தோல் கிழியாது | ரத்தம் திசுவுக்குள் பரவி உறைந்திருக்கும் | நிறத்தை வைத்து வயது |
| லேசரேஷன் (கிழிசல்) | மழுங்கிய பலமான அடி, விபத்து | ஒழுங்கற்றது, கன்றியிருக்கும் | திசுப்பாலம், நசுங்கிய மயிர்க்கால், மண், கண்ணாடித் தூள். ரத்தம் குறைவு (உச்சந்தலை விதிவிலக்கு) | மழுங்கிய பொருள்தான் என்பது |
| இன்சைஸ்டு (கீறு வெட்டு) | பிளேடு, கத்தி, கண்ணாடி | சீரானது, சுத்தமானது, வெளிப்பக்கம் திரும்பியிருக்கும் | பாலம் கிடையாது, ரத்தம் அதிகம். நீளமே மற்ற அளவுகளைவிடப் பெரிது | வால் இருக்கும் பக்கம் வெட்டு முடிந்த பக்கம் |
| ஸ்டாப் (குத்து) | கத்தி, கத்தரிக்கோல், கம்பி | ஓரளவு சுத்தம். முனைகளின் வடிவம் முக்கியம் | ஆழமே மற்ற அளவுகளைவிடப் பெரிது. உள்ரத்தப்போக்கு | ஒருபக்கக் கூரா, இருபக்கக் கூரா |
| சாப் (கொத்து) | அரிவாள், கோடாரி, மண்வெட்டி | ஓரளவு கூர்மை, ஓரத்தில் சிராய்ப்பும் கன்றலும் | எலும்பு வரை வெட்டு, எலும்பிலும் தடம் | கனமான ஆயுதம். பெரும்பாலும் கொலை |

இந்த டேபிளை மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகலாம், ஆனால் டேபிள் ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. அங்கேதான் நான் மாட்டினேன்.

போன மாதம் இன்டர்னல் வைவாவில் மியூசியம் ஜாடி ஒன்றை முன்னால் தள்ளி "இது என்னம்மா" என்றார்கள். உச்சந்தலைத் துண்டு, நடுவில் நேர்கோடாக ஒரு பிளவு, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. யோசிக்காமல் இன்சைஸ்டு என்றேன். "எதனால?" "கத்தி சார்." அவர் ஒன்றும் பேசாமல் லென்ஸை எடுத்து நீட்டினார். பிளவைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் அடியில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் குறுக்கே வெள்ளை வெள்ளையாக நான்கைந்து இழை, பழைய துணி கிழியும்போது அறுந்துபோகாமல் தொங்கும் நூல் மாதிரி. அதுதான் திசுப்பாலம். கத்தி போயிருந்தால் அந்த இழை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஓரத்தில் லேசான கன்றலும் இருந்தது, அதையும் நான் பார்க்கவில்லை.

தோலுக்கு நேர் அடியில் எலும்பு இருக்கும் இடங்களில் (உச்சந்தலை, புருவம், கன்ன எலும்பு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், இடுப்பெலும்பின் மேல்விளிம்பு) மழுங்கிய அடி விழுந்தாலும் தோல் எலும்புக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் சிக்கி நேராகப் பிளந்துவிடும். பார்ப்பதற்கு இன்சைஸ்டு, உண்மையில் லேசரேஷன். தலைகீழாகவும் நடக்கும்: அக்குள், விதைப்பை மாதிரி தோல் சுருங்கித் தொங்கும் இடத்தில் கூர்மையான கத்தி போனால் மடிப்பு மடிப்பாக வெட்டுப்பட்டு விளிம்பு கிழிசல் மாதிரி தெரியும். இந்த இரட்டையர்களுக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி டேபிள்:

| குழப்பும் ஜோடி | எதைப் பார்த்தால் பிரியும் |
|---|---|
| வெட்டு போலத் தெரியும் லேசரேஷன் / உண்மையான வெட்டு | லென்ஸ்: திசுப்பாலம், நசுங்கிய மயிர்க்கால், கன்றிய ஓரம் இருந்தால் லேசரேஷன் |
| கன்ட்யூஷன் / இறந்தபின் ரத்தம் தங்கிய நிறம் | கீறிப் பார்: கன்ட்யூஷனில் ரத்தம் திசுவில் ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது, மற்றது நாளங்களுக்குள் இருக்கும், கழுவினால் போய்விடும் |
| உண்மையான கன்ட்யூஷன் / சேங்கொட்டைப் புண் | சேங்கொட்டை என்றால் கொப்புளம், அரிப்பு, கை எட்டும் இடத்தில் மட்டும் |
| உயிரோடிருந்தபோதைய சிராய்ப்பு / எறும்பு கடித்தது | எறும்பு வாய், மூக்கு, அக்குள், இடுப்பு மடிப்பு மாதிரி ஈர இடங்களைத் தேடும். உயிர்வினை இருக்காது |

சேங்கொட்டை என்றதும் சிரிக்காதீர்கள், இது வருடா வருடம் குறுங்கேள்வியில் வரும் விஷயம். சலவைத் துணிக்கு அழியாத குறி போடப் பயன்படுத்திய அதே கொட்டைதான். எதிராளி மேல் பொய்க் கேஸ் போட அதன் சாற்றைத் தடவிக்கொண்டு, அடித்துவிட்டான் என்று ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். எருக்கம்பால், கொடிவேலி வேர் இரண்டையும் சேர்த்து மூன்றாக எழுதுங்கள். சொறிந்த விரலிலும் அதே கொப்புளம் வந்திருக்கும் என்று ஒரு வரி சேருங்கள், எழுதியவள் படித்திருக்கிறாள் என்று தெரியும்.

கன்ட்யூஷனின் நிறம்: அடித்தவுடன் சிவப்பு, அப்புறம் சில மணி நேரத்திலிருந்து மூன்றாம் நாள் வரை நீலம், நான்காம் நாள் கருநீலத்திலிருந்து பழுப்பு, ஐந்து ஆறில் பச்சை, ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் மஞ்சள், இரண்டு வாரத்தில் பழைய நிறம். ஹீமோகுளோபின் சிதைந்து ஹீமோசிடரின், ஹீமடாய்டின், பிலிருபின் என்று போகும் வரிசைதான் இது, அதைப் புரிந்துகொண்டால் நாள் கணக்கு தானாக வரும். மாங்காய் பழுக்கிற மாதிரி கடைசியில் மஞ்சள் என்று நான் வைத்திருக்கிறேன். ஓரத்திலிருந்துதான் மாறத் தொடங்கும். கண் வெள்ளையில் ரத்தம் கசிந்தால் மட்டும் இந்த வரிசை பொருந்தாது, சிவப்பிலிருந்து நேராக மஞ்சள். அங்கே காற்றின் ஆக்சிஜன் பட்டுக்கொண்டே இருக்கிறது.

அடித்த இடத்தில்தான் நிறம் தெரியும் என்றும் நினைக்காதீர்கள். நெற்றியில் அடி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. மண்டையோட்டின் அடித்தளம் உடைந்தால் காதுக்குப் பின்னால் கன்றல், அதற்கு பேட்டில் சைன் என்று பெயர். லத்தி அடியில் ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு இணைகோடும் நடுவில் வெளுத்த இடமும் வரும், ஏனென்றால் அழுத்தம் பட்ட நடுப்பகுதியில் ரத்தம் ஒதுங்கிவிடும், இழுபட்ட இரண்டு ஓரத்தில்தான் நாளங்கள் உடையும். இந்தப் படத்தை வரைந்து காட்டினால் மார்க் உறுதி.

அப்ரேஷன் பெரிதாக ஒன்றும் இல்லை. தோல் சுருண்டு குவிந்திருக்கும் பக்கம்தான் உராய்வு முடிந்த பக்கம். பொருக்கு சிவப்பிலிருந்து பழுப்பு, பழுப்பிலிருந்து கறுப்பு, ஒரு வாரத்துக்குப் பிறகு உதிரும். நகக் கீறல், தேய்ப்பு, அழுத்தம், தடம் பதிந்தது என நான்கு வகை. தூக்குக் கயிற்றுத் தடம் அழுத்தத்தில் வரும்.

ஸ்டாப் காயத்தில் முதல் விதி, பிணவறையில் கம்பி விட்டு ஆழம் பார்க்கக் கூடாது. பொய்ப் பாதை உண்டாகும், உறைந்த ரத்தக்கட்டி நகரும். அடுக்கடுக்காகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆழம் கத்தியின் நீளத்தைவிட அதிகமாகவும் இருக்கலாம், வயிறு அமுங்கும். நேராகக் குத்தி நேராக உருவினால் காயத்தின் நீளம் கத்தி அகலத்தைவிடக் கொஞ்சம் குறையும், தோல் சுருங்குவதால். திருகி எடுத்தால் கூடும். ஒருபக்கக் கூர் என்றால் ஒரு முனை கூர்மை, மறுமுனை மழுங்கல் அல்லது மீன்வால் மாதிரிப் பிளவு. இருபக்கக் கூர் என்றால் இரண்டும் கூர்மை. பிடி வரை இறங்கியிருந்தால் காயத்தைச் சுற்றிப் பிடியின் தடம் இருக்கலாம்.

கழுத்து வெட்டு கேட்டால் தற்கொலைக்குத் தயக்க வெட்டுகள், அதாவது ஆழமான ஒன்றுக்குப் பக்கத்தில் மேலோட்டமான பல. வலது கைக்காரர் என்றால் இடமிருந்து வலமாகச் சாய்வாகக் கீழிறங்கும். கொலைக்கு உள்ளங்கையிலும் முன்கையின் சுண்டுவிரல் பக்கத்திலும் தடுப்புக் காயம், உடையிலும் வெட்டு. இறுகிப் பிடித்த ஆயுதம் கையில் இருந்தால் தற்கொலைக்கு வலுவான அடையாளம், பின்னால் யாரோ வைத்த கத்தியைப் பிணம் அப்படி இறுக்கிப் பிடிக்காது.

சட்டப் பகுதியில் பழைய சீனியர் நோட்ஸை அப்படியே எழுதாதீர்கள், இதில்தான் நிறைய பேர் போகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. காயம் 114, கொடுங்காயம் 116 (பழையது 319, 320). எட்டு உட்பிரிவு அப்படியே இருக்கிறது: ஆண்மை நீக்கம், ஒரு கண்ணின் நிரந்தரப் பார்வையிழப்பு, ஒரு காதின் நிரந்தரக் கேட்பிழப்பு, உறுப்போ மூட்டோ இழப்பு, அதன் வலிமை நிரந்தரமாகக் குன்றுவது, தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது நழுவுவது, கடைசியில் உயிருக்கு ஆபத்தானது. ஆனால் இந்தக் கடைசிப் பிரிவில் வரும் நாள் கணக்கு மாறிவிட்டது. கடும் வலியோ அன்றாட வேலை முடியாமையோ முன்பு இருபது நாள், இப்போது 15 நாள். தண்டனைக்கு 115(2), 117(2), ஆபத்தான ஆயுதம் என்றால் 118. ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான், வைவாவில் நடுங்காமல் சொல்லுங்கள்.

தடுப்புக் காயப் படமும் லத்தித் தடமும் நாளை காலைக்குள் வரைந்து போட்டோ அனுப்புகிறேன். துப்பாக்கித் தாளை எடுத்துக்கொள்கிறேன் என்றவர் யார், ஒரு வாரமாகச் சத்தமே இல்லை.